லேப் கீபோர்டு, மவுஸ் மாற்றித் தரச் சொல்லி தலைமை ஆசிரியருக்குக் கடிதம்: எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

கேள்வி: "அணைக்கட்டு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். லேபில் 20 கம்ப்யூட்டர். கீபோர்டும் மவுஸும் பாதிக்கு மேல் தேய்ந்து போய்விட்டன. மாற்றித் தரச் சொல்லி எச்.எம். சாருக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பார்க்கலாம்மா' என்கிறார், அதோடு சரி. லெட்டரை எப்படி எழுத வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?"

உங்கள் பழைய கடிதங்கள் என் கையில் இல்லை. ஆனால் அவற்றில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. "பெரும்பாலான விசைப்பலகைகளும் சுட்டிகளும் பழுதடைந்துள்ளதால் மாணவர்கள் சிரமப்படுகின்றனர், எனவே புதியன வாங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற மாதிரி இருக்கும். வேலூர் மாவட்டப் பள்ளிகளில் கணினி ஆசிரியராகப் பல வருடமும், நடுவில் கொஞ்ச காலம் பொறுப்புத் தலைமை ஆசிரியராகவும் இருந்தவன் நான். இந்த மாதிரிக் கடிதத்தை எழுதியும் இருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எத்தனை வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும், எந்தப் பணத்தில் வாங்குவது, பழையதை என்ன செய்வது, நாளைக்குத் தணிக்கையில் "நல்லாயிருந்ததை ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது, இவற்றில் ஒன்றுக்கும் அதில் பதில் இருக்காது. அதனால்தான் "பார்க்கலாம்" வருகிறது. அது மறுப்பு இல்லை. முடிவெடுக்கத் தேவையான விவரம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முக்கால்வாசி வேலை கடிதத்துக்கு முன்னால் லேபில் இருக்கிறது. ஒரு மதியம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அடியில் மார்க்கர் பேனாவால் எண் போடுங்கள். K1 முதல் K20, M1 முதல் M20. கம்ப்யூட்டர் எண்ணையே போட்டால் போதாதா என்று கேட்கலாம். பிள்ளைகள் இங்கிருந்து அங்கே மாற்றி மாட்டுவார்கள், அப்புறம் எது எதுவென்று தெரியாது. பொருளுக்கே எண் இருந்தால்தான் உங்கள் பட்டியல் ஒரு மாதம் கழித்தும் உண்மையாக இருக்கும்.

கீபோர்டைச் சோதிக்க நோட்பேடைத் திறந்து, எல்லா ஆங்கில எழுத்தும் வருகிற ஒரு வரியையும், பைதானில் அடிக்கடி தேவைப்படும் குறிகள் வருகிற ஒரு வரியையும், எண்களையும் அடியுங்கள்.

```
the quick brown fox jumps over the lazy dog
if (a_1 == "x"): print('ok')
1234567890
```

இரண்டாவது வரியை ஒருமுறை இடப்பக்க ஷிப்ட், ஒருமுறை வலப்பக்க ஷிப்ட் வைத்து அடியுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான் என்பதால் முக்காற்புள்ளி, அடிக்கோடு, அடைப்புக்குறி, மேற்கோள் ஆகிய சாவிகள் செத்திருந்தால் மற்ற எல்லாம் வேலை செய்தும் பயனில்லை. ஒரு if வரியைக் கூட முடிக்க முடியாது. பதினொன்றாம் வகுப்பு சி++ என்றால் அரைப்புள்ளியும் நெளிவு அடைப்பும் இதே மாதிரி முக்கியம். "K7-இல் முக்காற்புள்ளிச் சாவி வேலை செய்யவில்லை, பைதான் செய்முறைக்குப் பயன்படாது" என்று எழுதினால் கணினி தெரியாத தலைமை ஆசிரியருக்கும் உடனே புரியும். "பழுது" என்ற ஒற்றைச் சொல்லில் அது புரியாது.

ஒரு சாவி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உடனே செத்தது என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது அடியில் சேர்ந்த தூசிதான், நம் ஊர் வெயிலுக்கும் ஜன்னல் வழியே வரும் மண்ணுக்கும் அது சகஜம். கம்ப்யூட்டரை அணைத்து, கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டி, அந்தச் சாவியை மட்டும் மெல்ல நெம்பி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு மறுபடி பாருங்கள். கணிசமானவை உயிர் பெறும். ஆனால் நாலைந்து சாவிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து செத்திருந்தால் அது வேறு. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் கோடுகளாக மின்பாதை ஓடுகிறது, ஒரே கோட்டைப் பல சாவிகள் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கோடு அறுந்தாலோ தண்ணீர் பட்டு அரித்தாலோ அந்தச் சாவிகள் கூட்டமாகப் போகும். துடைத்து வராது. அதைத் தயங்காமல் "மாற்ற வேண்டியது" என்று எழுதலாம்.

மவுஸில் அதிகம் வருவது இடது பொத்தான் கோளாறு. ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சின் உலோகத் தகடு விறைப்பை இழப்பதால் வருவது இது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை நிதானமாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையாகப் பலமுறை அழுத்திப் பாருங்கள். அது தேர்வாகி நிற்க வேண்டும், திறக்கக் கூடாது. அப்புறம் காலி இடத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு பெட்டி இழுத்துப் பாருங்கள். பெட்டி நடுவிலேயே விட்டுவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. செட்டிங்கில் வேகத்தை மாற்றினால் சில நாள் மறைந்திருக்கும், குணமாகாது. அம்பு துள்ளுகிறது, நகரவில்லை என்பதெல்லாம் அடியில் இருக்கும் துளையில் தூசியோ பளபளக்கும் மேசையோ காரணமாக இருக்கலாம். துளையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை அடியில் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பொருளே பழுதில்லாமல் பழுதுபோல் தோன்றும் சிலவும் உண்டு, இவற்றை விலக்கிவிட்டீர்கள் என்பதுதான் உங்கள் பட்டியலுக்கு நம்பகம் தரும். வலது ஷிப்ட் சாவியை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் `Filter Keys` என்ற வசதி கேட்டுக்கொண்டு ஆன் ஆகும். பையன்கள் விளையாட்டாக அதற்கு ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அதன் பிறகு சாவிகளைப் பட்டுப் பட்டென்று தட்டினால் ஒன்றும் வராது. அதேபோல் மவுஸின் இடது வலது பொத்தான்களை செட்டிங்கில் மாற்றி வைத்திருப்பார்கள். அப்புறம் யூஎஸ்பி ஓட்டையே தளர்ந்திருக்கலாம். ஆகவே சந்தேகமான ஒவ்வொன்றையும் நன்றாக இயங்கும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குற்றம் கீபோர்டில் இல்லை. இதைச் செய்யாமல் புதியது வாங்கி மாட்டி, அதுவும் ஓடாமல் போனால், அடுத்த முறை நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது.

எழுத்து அழிந்துபோன சாவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்கள், அவர்களுக்கு அது உண்மையான தடை. ஆனாலும் அதை மாற்ற வேண்டியவற்றின் கணக்கில் சேர்க்காதீர்கள். அடித்தால் எழுத்து வருகிறதே என்று யாராவது ஒருவர் சொன்னால் உங்கள் மொத்தப் பட்டியலும் ஆட்டம் காணும். சாவி ஸ்டிக்கர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதைத் தனி வரியாகக் கேளுங்கள், அல்லது பேசியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. சோதித்த பிறகு உங்கள் லேபில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு 20-இல் 8 நன்றாக உள்ளன, 3 துடைத்ததில் சரியாயின, 2 சந்தேகம் (சில நாள் ஓடுகின்றன, சில நாள் இல்லை), 7 மாற்ற வேண்டியவை. மவுஸ் 20-இல் 7 நன்றாக உள்ளன, 2 சரியாயின, 1 சந்தேகம், 10 மாற்ற வேண்டியவை. சந்தேகமானவையும் ஓடுவதாகவே எடுத்துக்கொண்டால் கூட 13 கீபோர்டும் 10 மவுஸும்தான் உள்ளன. எப்படி மாற்றி மாட்டினாலும் 10 கம்ப்யூட்டர்தான் முழுதாக இயங்கும். ஒரு பிரிவில் 36 பேர் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று நான்கு பேர். எல்லாம் இயங்கினால் இரண்டு பேர். கடிதத்தின் உயிர் இந்த ஒரு வரிதான். "சிரமப்படுகின்றனர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். அந்தச் சந்தேகமான மூன்றையும் மறைக்காமல் "கண்காணிப்பில்" என்று தனியே காட்டுங்கள். அவற்றுக்காக உபரியாக 2 கீபோர்டும் 2 மவுஸும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. 9 கீபோர்டு, 12 மவுஸ்.

கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, இந்த லேப் பள்ளியின் சொந்த லேபா, அல்லது அரசு அமைத்துக் கொடுத்த உயர் தொழில்நுட்ப ஆய்வகமா என்பது. உங்கள் கேள்வியில் அது தெரியவில்லை. இரண்டாவது வகை என்றால், பொருத்திக் கொடுத்தவர்களின் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் புகார் பதிவு செய்வதுதான் வழி, பள்ளிப் பணத்தில் வாங்குவது தேவையில்லாத தணிக்கைக் கேள்வியைக் கொண்டுவரும். சொந்த லேப் என்றாலும் பழைய பில்லைத் தேடுங்கள். பல பிராண்டுகள் கீபோர்டு, மவுஸுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை உத்தரவாதம் தருகின்றன, சிலவற்றை இலவசமாகவே மாற்றிக்கொள்ள முடியும். இரண்டாவது விஷயம், கம்ப்யூட்டரின் பின்பக்கம். பழைய பெட்டிகளில் ஊதா, பச்சை நிற வட்ட ஓட்டைதான் பயன்பாட்டில் இருக்கும். யூஎஸ்பி ஓட்டை எத்தனை காலியாக, நல்லதாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அதற்கேற்ப வகையைக் குறிப்பிடுங்கள். வயர் உள்ளதையே கேளுங்கள். வயர்லெஸ் என்றால் பேட்டரி செலவு நிற்காது, அந்தச் சின்ன ரிசீவர் தொலைந்தால் மவுஸே வீண்.

விலைக்கு வேலூர் டவுனில் இரண்டு மூன்று கடைகளில் வரி சேர்த்த விலைப்புள்ளி எழுதி வாங்குங்கள். சாதாரண வயர் கீபோர்டு இப்போது சுமார் 350 முதல் 600 ரூபாய், மவுஸ் 200 முதல் 350 வரை. நான் 450, 250 என்று வைத்துக்கொள்கிறேன். 9 கீபோர்டுக்கு 4,050, 12 மவுஸுக்கு 3,000, மொத்தம் 7,050 ரூபாய். "லேப் முழுக்க மாற்றணும்" என்று காதில் விழும்போது தலைமை ஆசிரியர் மனதில் ஓடும் தொகை இதைவிடப் பல மடங்கு பெரிது. எழுதிக் காட்டினால்தான் அவருக்கே தெரியும்.

பணம் எங்கிருந்து என்பதை முடிவு செய்வது அவர், ஆனாலும் வழியைக் காட்டலாம். அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மானியம் வருகிறது. திட்டத்தின் அளவுகோலில் 251 முதல் 1,000 மாணவர் வரை 75,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு லட்சம். இயங்காத உபகரணங்களை மாற்றுவது அந்த மானியத்தின் நோக்கங்களில் ஒன்று. அதைச் செலவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் அவர் மேசையில் இருந்தால், அதைக் கூட்டப் பொருளில் சேர்த்துக்கொள்வது அவருக்கு எளிது. மானியம் தீர்ந்திருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழக நிதி. செய்முறைத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் வருவதால், நவம்பருக்குள் கடிதம் போய்விடுவது நல்லது.

இனி கடிதம். பெயர், பள்ளி, எண்ணிக்கை, தேதி எல்லாவற்றையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
(பெயர்), கணினி ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி, (ஊர்), வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை ஆசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி, (ஊர்), வேலூர் மாவட்டம்.

ஐயா,

பொருள்: கணினி ஆய்வகம் – பழுதடைந்த 7 விசைப்பலகைகள், 10 சுட்டிகள் – மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது விண்ணப்பங்கள், நாள் 14.07.2025 மற்றும் 08.09.2025.

வணக்கம். பார்வையில் கண்ட விண்ணப்பங்களின் தொடர்ச்சியாக, நமது பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள 20 விசைப்பலகைகளையும் 20 சுட்டிகளையும் 30.10.2025 அன்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தூசியால் இயங்காமல் இருந்த 3 விசைப்பலகைகளும் 2 சுட்டிகளும் சுத்தம் செய்து சரி செய்யப்பட்டன. 7 விசைப்பலகைகளும் 10 சுட்டிகளும் வேறு கணினிகளில் இணைத்துப் பார்த்தும் இயங்கவில்லை அல்லது முறையாக இயங்கவில்லை. 2 விசைப்பலகைகளும் 1 சுட்டியும் கண்காணிப்பில் உள்ளன. எண் வாரியான விவரப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

தற்போது 10 கணினிகளை மட்டுமே முழுமையாகப் பயன்படுத்த முடிகிறது. 36 மாணவர்கள் உள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவில் ஒரு கணினிக்கு மூன்று அல்லது நான்கு பேர் அமர வேண்டியுள்ளதால், செய்முறைப் பயிற்சிகளை ஒவ்வொரு மாணவரும் தாமே செய்து பார்க்க இயலவில்லை.

எனவே உபரி சேர்த்து 9 விசைப்பலகைகளும் 12 சுட்டிகளும் (யூஎஸ்பி, வயர் உள்ளவை) தேவைப்படுகின்றன. வரி உட்பட மதிப்பீடு ரூ.7,050. விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன. இச்செலவைப் பள்ளி மானியத்திலோ தாங்கள் பொருத்தமெனக் கருதும் பிற நிதியிலோ மேற்கொள்ளவும், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழுதடைந்தவை எண்ணிடப்பட்டுத் தனியே வைக்கப்பட்டுள்ளன. இருப்புப் பதிவேட்டில் உரிய குறிப்பு எழுதவும் கழிவு நீக்க நடவடிக்கை எடுக்கவும் தங்கள் ஆணையை வேண்டுகிறேன்.

இணைப்பு: 1. சோதனை விவரப் பட்டியல். 2. விலைப்புள்ளிகள்.

இடம்:
நாள்: 03.11.2025

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இதில் சிலவற்றை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். முந்தைய கடிதங்களைப் பார்வையில் மட்டும் குறித்திருக்கிறேன். "இருமுறை எழுதியும் நடவடிக்கை இல்லை" என்று உடலில் எழுதினால் அது அவர் மேல் புகாராகிவிடும், அந்தக் காகிதத்தை அவர் குழுவின் முன் வைக்கத் தயங்குவார். தேதிகளே போதும், யார் படித்தாலும் புரிந்துகொள்வார்கள். துடைத்துச் சரிசெய்ததை முதலில் சொன்னது, கேட்பதற்கு முன் உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டீர்கள் என்று தெரிவதற்காக. தணிக்கையில் அவரைக் காப்பாற்றப் போவதும் அந்த வரிதான். எண் போட்ட பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். "M4: ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவாகிறது, கணினி 12-இல் இணைத்தும் அதே நிலை." அந்த அளவுக்குத்தான்.

பழையவற்றைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் பெரும்பாலும் "கணினி 1 செட்" என்று ஒரே பதிவாக இருக்கும், கீபோர்டும் மவுஸும் அதற்குள் அடக்கம். ஆகவே பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டால் செட் குறைகிறது என்றாகிவிடும். குறிப்புப் பத்தியில் எந்தத் தேதியில் எந்த பில்லில் மாற்றப்பட்டது என்று எழுதி, கழிவு நீக்க ஆணை வரும்வரை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். அப்புறமும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கக் கூடாது. மின்னணுக் கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அது போவதே முறை.

இவ்வளவும் செய்த பிறகு "மொத்தமா முடியாதும்மா, மூவாயிரத்துக்குள்ள பாருங்க" என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். அதற்கும் தயாராகப் போங்கள். பத்து மவுஸும் வேண்டும் என்றோ ஏழு கீபோர்டும் வேண்டும் என்றோ நிற்க வேண்டாம். 13 கீபோர்டு, 10 மவுஸ் கையில் இருக்கும்போது தட்டுப்பாடு மவுஸில்தான். 3 கீபோர்டும் 6 மவுஸும் வாங்கினால் 2,850 ரூபாய், இரண்டும் 16-ஆகச் சமமாகி 16 கம்ப்யூட்டர் முழுதாக ஓடும். உபரி ஒன்றும் இருக்காது, சந்தேகமான மூன்றில் எது போனாலும் ஒன்று குறையும், ஆனாலும் பத்திலிருந்து பதினாறு. 36 பேரில் பெரும்பாலோர் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்துவிடலாம். மீதி 6 கீபோர்டு, 6 மவுஸுக்கு 4,200 ரூபாய். அதை அடுத்த மானியத்துக்கு என்று இதே பட்டியலின் அடியில் எழுதி, அவர் சுருக்கொப்பத்தை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.